‘லெக் சைடு போகுது பாரு!’ன்னு கத்துறது கோச்சிங் ஆகுமா? புதிய பயிற்சியாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு வகை ஃபீட்பேக்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது ஒரு கிரிக்கெட் நெட்ஸ் பக்கமாக நடந்து போனால் இந்தக் குரல்கள் காதில் விழும். “லெக் சைடு போகுது பாரு!”, “மறுபடியும் வைடு!”, “ஸ்டம்ப்ல போடுடா!” சொல்பவர் அனேகமாக வார நாள்களில் ஐ.டி. வேலையோ ஃபேக்டரி ஷிஃப்ட்டோ பார்த்துவிட்டு, வார இறுதியில் பசங்களுக்குப் பயிற்சி கொடுக்கும் முன்னாள் லீக் ஆட்டக்காரராக இருப்பார். அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால், ஒரு கேள்வி: பந்து லெக் சைடு போனது அந்தப் பையனுக்குத் தெரியாதா? அவன் கண் முன்னால்தானே போனது?

விளையாட்டு அறிவியலில் இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் இருக்கிறது. பயிற்சியாளர் சொல்லும் தகவலை அது இரண்டாகப் பிரிக்கிறது. எதை, யாரிடம், எப்போது சொல்ல வேண்டும் என்பது அந்தப் பிரிவைப் புரிந்துகொண்டால் எளிதாகிவிடும்.

இரண்டு வகைத் தகவல்கள் எவை?

முதலாவது, ‘நாலெட்ஜ் ஆஃப் ரிசல்ட்ஸ்’. செய்த செயலின் முடிவு என்ன என்பதைச் சொல்வது. பந்து எங்கே விழுந்தது, ஓட்டம் எத்தனை விநாடி, தாண்டியது எத்தனை மீட்டர் என்பதெல்லாம் இதில் வரும். இந்தக் கட்டுரையில் இதை ‘முடிவுத் தகவல்’ என்போம்.

இரண்டாவது, ‘நாலெட்ஜ் ஆஃப் பெர்ஃபார்மன்ஸ்’. அந்த முடிவு வருவதற்கு உடம்பு எப்படி அசைந்தது என்பதைச் சொல்வது. “பந்தை விடும்போது உன் தலை இடது பக்கம் சாயுது”, “முட்டி மடங்குது” போன்றவை இந்த வகை. இதை ‘அசைவுத் தகவல்’ என்போம்.

1972இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன் ஜென்டைல் இந்த வேறுபாட்டை எடுத்துச் சொன்ன பிறகு, உடல்திறன் கற்றல் பாடப் புத்தகங்களில் இது நிலையான இடம் பிடித்துவிட்டது. புதிய பயிற்சியாளருக்கு இதிலிருந்து கிடைக்கும் விதி ஒன்றுதான்: வீரருக்கு ஏற்கெனவே தெரிந்ததைத் திரும்பச் சொல்லாதீர்கள், அவரால் தானாகத் தெரிந்துகொள்ள முடியாததைச் சொல்லுங்கள்.

நெட்ஸில் பந்து வீசும் பையனுக்கு முடிவு கண்ணால் தெரிகிறது. தலை சாய்வது தெரியாது. அங்கே அவனுக்குத் தேவை அசைவுத் தகவல். இதற்கு நேர்மாறான இடங்களும் உண்டு. முதலில் அதைப் பார்த்துவிடலாம்.

முடிவே தெரியாத இடங்கள்

ஆவடி சுற்றுவட்டாரத்தில் விடியற்காலையில் சாலையோரமாக ஓடும் இளைஞர்கள் பலர் காவலர் தேர்வுக்குத் தயாராகிறவர்கள். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். 400 மீட்டர் டிராக்கில் அது மூன்றே முக்கால் சுற்று. கணக்குப் போட்டால் ஒரு சுற்றுக்கு 112 விநாடி, அதாவது 1 நிமிடம் 52 விநாடி.

இங்கே ஓடுகிறவருக்குத் தன் வேகம் தெரியாது. முதல் சுற்றில் கால் லேசாக இருக்கும், 90 விநாடியில் முடித்துவிடுவார். “நல்லாதான் போறேன்” என்று தோன்றும். மூன்றாவது சுற்றில் மூச்சு வாங்கி நடந்துவிடுவார். அவரிடம் போய் “கையை நல்லா வீசு, முதுகை நிமிர்த்து” என்று சொல்வதைவிட, முதல் சுற்று முடியும்போது “தொண்ணூறு! இருபத்திரண்டு செகண்ட் முன்னாடி வந்துட்ட” என்று சொல்வதுதான் உதவும். இது சுத்தமான முடிவுத் தகவல். அவரால் தானாகப் பெற முடியாத தகவலும் இதுதான்.

முடிவு தெரியாவிட்டால் எவ்வளவு பயிற்சி செய்தாலும் முன்னேற்றம் வராது என்பதை 1932இல் ட்ரோபிரிட்ஜ், கேசன் என்ற இருவர் ஒரு எளிய சோதனையில் காட்டினார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு 3 அங்குல நீளத்துக்குக் கோடு போட வேண்டும். ஒரு குழுவுக்கு எதுவுமே சொல்லவில்லை. இன்னொரு குழுவுக்கு ‘சரி’, ‘தவறு’ என்று மட்டும் சொன்னார்கள். வேறொரு குழுவுக்கு எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைவு என்று அளவோடு சொன்னார்கள். எதுவும் கேட்காத குழு முன்னேறவே இல்லை. ‘சரி, தவறு’ கேட்டவர்கள் ஓரளவு முன்னேறினார்கள். அளவு கேட்டவர்கள்தான் அனைவரையும்விட நன்றாகப் போட்டார்கள்.

ஆக, முடிவுத் தகவல் மட்டம், அசைவுத் தகவல் உயர்வு என்றெல்லாம் கிடையாது. எது மறைந்திருக்கிறதோ அதைச் சொல்ல வேண்டும். முடிவுத் தகவலைச் சொல்வதென்றால் “லேட்டு” என்று சொல்லாமல் “எட்டு செகண்ட் லேட்டு” என்று அளவோடு சொல்ல வேண்டும்.

முடிவு நன்றாக இருக்கும்போது வரும் சிக்கல்

முடிவை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் இருக்கிறது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த டி. நடராஜன். டென்னிஸ் பந்து கிரிக்கெட்டில் வளர்ந்தவர். அந்த ஆட்டத்தில் முடிவுதான் எல்லாம். யார்க்கர் விழுந்ததா, விக்கெட் வந்ததா என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

2015 ஜனவரியில் பெங்கால் அணிக்கு எதிராக ரஞ்சிக் கோப்பையில் அவர் அறிமுகமானார். அதன் பிறகு அவருடைய பந்துவீச்சு ஆக்‌ஷன் சந்தேகத்துக்கு உரியதாகப் புகார் எழுந்தது. ஆக்‌ஷனைத் திருத்திக்கொண்டுதான் அவர் திரும்பி வர வேண்டியிருந்தது. 2016இல் டி.என்.பி.எல். தொடரில் திண்டுக்கல் அணிக்கு ஆடினார். 2017 ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி அவரை 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. 2020-21 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் என மூன்று வகைப் போட்டியிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார்.

இதில் பயிற்சியாளர் கவனிக்க வேண்டியது என்ன? பந்து நன்றாக விழும்வரை, ‘எல்லாம் சரி’ என்றுதான் முடிவுத் தகவல் சொல்லிக்கொண்டிருக்கும். வீசுகிறவரால் தன் முழங்கையை வெளியிலிருந்து பார்க்க முடியாது. ஆக்‌ஷன் பற்றிய தகவல் வெளியே இருந்துதான் வர வேண்டும். அது பதினான்கு வயதில் வந்தால் திருத்துவது சுலபம். ரஞ்சி ஆடிய பிறகு வந்தால், சாப்பாடு போடும் தொழிலே நின்றுபோகும் நிலையில் திருத்த வேண்டியிருக்கும்.

முதுகெலும்பு விஷயமும் இப்படித்தான். இடுப்பு ஒரு திசையிலும் தோள் இன்னொரு திசையிலும் திரும்பும் ‘மிக்ஸ்டு ஆக்‌ஷன்’ உள்ள வேகப்பந்து வீச்சாளர்களுக்குக் கீழ்முதுகில் எலும்பு விரிசல் வரும் அபாயம் அதிகம் என்பது நீண்ட காலமாகத் தெரிந்த விஷயம். ஸ்கோர்கார்டில் அது தெரியாது. வலி வந்த பிறகுதான் தெரியும்.

ஒரு பையன், 24 பந்து: எப்படிச் செய்வது?

ஒரு மாதிரி உதாரணத்தை முழுசாக எடுத்துக்கொள்வோம். பூந்தமல்லியில் ஒரு நெட்ஸ். பதினான்கு வயது வலதுகை மித வேகப்பந்து வீச்சாளர். வலதுகை பேட்ஸ்மேனுக்கு வீசும்போது பந்து அடிக்கடி லெக் சைடு போகிறது.

முதல் நாள் எதுவும் சொல்லாதீர்கள். 24 பந்து போடச் சொல்லுங்கள். ஆஃப் ஸ்டம்ப்பும் அதற்குச் சற்று வெளியேயும்தான் இலக்கு. ஒவ்வொரு பந்தையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். 9 பந்து இலக்கில், 11 லெக் சைடில், 4 ஆஃப் சைடில் வெளியே என்று வைத்துக்கொள்வோம். இது பையனுக்கான ஃபீட்பேக் இல்லை, உங்களுக்கான அளவுகோல். பின்னால் முன்னேற்றத்தைப் பார்க்க இது தேவைப்படும்.

அதே நாள், மொபைலை வீசும் முனையின் ஸ்டம்ப்புக்குப் பின்னால், நேர்கோட்டில், நெஞ்சு உயரத்தில் வைத்து ஸ்லோமோஷனில் ஆறு பந்து எடுங்கள். லெக் சைடு போவதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். ரன்-அப் கோணம் தவறாக இருக்கலாம். முன்கால் குறுக்கே விழலாம். தலையும் உடம்பும் இடது பக்கம் சாயலாம். பார்க்காமலே “தோளைத் திருப்பு” என்று சொல்வது இருட்டில் கல் எறிவது மாதிரி. இந்தப் பையனின் வீடியோவில் முன்கை சீக்கிரமே இடது பக்கமாக விழுகிறது, அதோடு தலையும் சாய்கிறது என்று தெரிகிறது என்போம்.

இப்போது சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று. இதை இரண்டு விதமாகச் சொல்லலாம். “உன் தலை சாயுது” என்பது நடந்ததை விவரிப்பது. “இடது கையை பேட்ஸ்மேன் பக்கம் நல்லா நீட்டி, விலாவை ஒட்டிக் கீழே இழு” என்பது என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது. அனுபவமுள்ள வீரருக்கு முதலாவது போதும். எப்படிச் சரிசெய்வது என்று அவருக்கே தெரியும். புதிதாகக் கற்பவருக்கு இரண்டாவது வேண்டும். “தலை சாயுது”ன்னு சொன்னால் பையன் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு ஓடி வருவான்!

வீடியோவைக் காட்டினால் மட்டும் போதாதா? போதாது. 1992இல் கெர்னோடில், கார்ல்டன் என்ற ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். பழக்கமில்லாத கையால் பந்தை முடிந்த அளவு தூரமாக எறிய வேண்டும். ஒரு குழுவுக்குத் தூரம் மட்டும் சொல்லப்பட்டது. இன்னொரு குழுவுக்குத் தங்கள் வீடியோ காட்டப்பட்டது. மூன்றாவது குழுவுக்கு வீடியோவோடு எதைக் கவனிக்க வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. நான்காவது குழுவுக்கு வீடியோவோடு எப்படித் திருத்த வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. கடைசி இரண்டு குழுக்களும்தான் தூரத்திலும் எறியும் முறையிலும் முந்தின. வீடியோ மட்டும் பார்த்தவர்களுக்குப் பெரிய லாபம் இல்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாதவருக்கு வீடியோ வெறும் படம்தான். ஆகவே மொபைலை நீட்டும்போது, “உன் இடது கையை மட்டும் பாரு, பந்து கையை விட்டுப் போற நேரத்துல எங்கே இருக்கு?” என்று கேளுங்கள்.

ஒவ்வொரு பந்துக்கும் சொல்லலாமா?

புதிய பயிற்சியாளர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. ஒவ்வொரு பந்துக்கும் ஏதாவது சொன்னால்தான் ஃபீஸுக்கு நியாயம் என்று தோன்றும். வெளியே நிற்கும் அப்பா, அம்மாவும் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள்.

1990இல் வின்ஸ்டீன், ஷ்மிட் என்ற ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு குழுவுக்கு ஒவ்வொரு முயற்சிக்கும் முடிவைச் சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குப் பாதி முயற்சிகளுக்கு மட்டும். அதுவும் ஆரம்பத்தில் அடிக்கடி, போகப் போகக் குறைத்து. மறுநாள் எதுவும் சொல்லாமல் சோதித்தபோது, குறைவாகக் கேட்ட குழுவே நன்றாகச் செய்தது. எப்போதும் வெளியிலிருந்து தகவல் வந்துகொண்டிருந்தால், தன் உடம்பு சொல்வதைக் கேட்கும் பழக்கம் வளர்வதில்லை என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். மேட்ச்சில் கோச் பக்கத்தில் நிற்க மாட்டார் அல்லவா?

நம் பையனின் 24 பந்துக்கு இதை இப்படிப் பங்கிடலாம். முதல் ஓவரில் ஒவ்வொரு இரண்டு பந்துக்கும் ஒரு முறை. இரண்டாவது ஓவரில் மூன்று பந்துக்கு ஒரு முறை. மூன்றாவது ஓவரில் கடைசிப் பந்துக்குப் பிறகு ஒரே ஒரு முறை. நான்காவது ஓவரில் ஒன்றும் கிடையாது. மொத்தம் 6 தடவைதான் பேசுகிறீர்கள். அந்த 6 தடவையும் இடது கையைப் பற்றி மட்டுமே.

பேசுவதற்கு முன் சில விநாடி பொறுங்கள். “இந்தப் பந்துல கை எங்கே போச்சுன்னு நினைக்கிற?” என்று கேளுங்கள். அவன் சொல்வதும் நீங்கள் பார்த்ததும் ஒத்துப்போகத் தொடங்கினால், கற்றல் நடக்கிறது என்று பொருள். 1,500 மீட்டர் ஓடுகிறவரிடமும் இதே முறைதான். சுற்று முடிந்ததும் நேரத்தைச் சொல்லாமல், “எவ்வளவு வந்திருக்கும்?” என்று முதலில் கேளுங்கள். அவருடைய கணிப்பு மூன்று, நான்கு விநாடிக்குள் வர ஆரம்பித்தால் ஸ்டாப்வாட்ச்சைப் பையில் போடலாம்.

முதலில் குறையும், பயப்படாதீர்கள்

அசைவை மாற்றும்போது முடிவு கொஞ்ச நாள் மோசமாகலாம். பழைய ஆக்‌ஷனில் 9 பந்து இலக்கில் போட்ட பையன், அடுத்த வாரம் 7 பந்துதான் போடுவான். இந்த நேரத்தில் பலரும் பதறி, இடது கையை விட்டுவிட்டு ரன்-அப்பை மாற்றச் சொல்வார்கள். அடுத்த வாரம் கிரிப். பையன் குழம்பிப்போவான். மாற்றத்தைத் தொடங்கும் முன்பே பையனிடமும் வீட்டிலும் “ரெண்டு மூணு வாரம் வைடு கூடும், மேட்ச்ல அவசரப்படாதீங்க” என்று சொல்லி வைத்துவிடுவது நல்லது. முக்கியமான மேட்ச்சுக்கு முந்தைய வாரத்தில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

முன்னேற்றத்தை எங்கே அளப்பது? பயிற்சியின் முடிவில் அல்ல. நீங்கள் சொல்லிக்கொண்டே இருந்ததால் அப்போது எல்லாம் அழகாகத்தான் தெரியும். அடுத்த பயிற்சி நாளின் தொடக்கத்தில், வார்ம்-அப் முடிந்தவுடன், வாயே திறக்காமல் 24 பந்து போடச் சொல்லி எண்ணுங்கள். மூன்று, நான்கு வாரத்தில் 9 என்பது 13, 14 ஆகியிருந்தால் அது அவனுக்குள் பதிந்த மாற்றம். எண்ணிக்கை அங்கேயே நின்று, வீடியோவில் கை சரியாக வந்திருந்தால், நீங்கள் கண்டுபிடித்த காரணம் தவறு. முன்காலையும் ரன்-அப்பையும் பார்க்க வேண்டிய நேரம் அது.

கண்ணை எவ்வளவு நம்பலாம்?

அசைவுத் தகவலுக்கு ஒரு பலவீனம் உண்டு. அது சொல்பவரின் கண்ணைப் பொறுத்தது. முத்தையா முரளிதரனை 1995இல் மெல்போர்ன் டெஸ்டில் நடுவர் டேரல் ஹேர் நோ-பால் கொடுத்தது நினைவிருக்கும். முரளியின் முழங்கை பிறவியிலேயே முழுமையாக நிமிராதது. வளைந்த கை சுழன்று வரும்போது, அது நிமிர்வது போலக் கண்ணுக்குத் தெரியும். ஆய்வகத்தில் அளந்துதான் அதைப் பிரித்துப் பார்க்க முடிந்தது. பிறகு ஐ.சி.சி. எல்லா வீச்சாளர்களுக்கும் முழங்கை 15 டிகிரிவரை நிமிரலாம் என்று விதியை மாற்றியது.

சர்வதேச நடுவரின் கண்ணுக்கே இந்த நிலை என்றால், நெட்ஸுக்குப் பக்கத்தில் நிற்கும் நமக்கு? முழங்கை பற்றிச் சந்தேகம் வந்தால், மொபைல் வீடியோவை வைத்து “நீ த்ரோ பண்ற” என்று பையன் மேல் முத்திரை குத்தாதீர்கள். அனுபவமுள்ள பயிற்சியாளரிடம் காட்டுங்கள். கை, தலை, கால் விழும் இடம் போன்ற பெரிய அசைவுகளோடு உங்கள் ஃபீட்பேக்கை நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: புத்தகத்தில் உள்ள படம் மாதிரி இல்லை என்பதற்காக மட்டும் ஒருவரின் ஆக்‌ஷனை மாற்றாதீர்கள். பும்ராவின் ஆக்‌ஷன் எந்தப் புத்தகத்திலும் இல்லை. கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: இந்த அசைவு முடிவைக் கெடுக்கிறதா? உடம்பைக் கெடுக்கிறதா? விதியை மீறுகிறதா? மூன்றுக்கும் ‘இல்லை’ என்றால் கையை வைக்க வேண்டாம்.

அடுத்த ஞாயிறு நெட்ஸுக்குப் போகும்போது ஒரு சின்னக் கணக்கு எடுத்துப் பாருங்கள். முதல் பத்து நிமிடம் நீங்கள் சொல்லும் ஒவ்வொன்றையும் மொபைலில் ரெக்கார்டு செய்து, பிறகு கேளுங்கள். பையனுக்கு ஏற்கெனவே தெரிந்ததை எத்தனை தடவை சொன்னீர்கள், தெரியாததை எத்தனை தடவை சொன்னீர்கள் என்று இரண்டு கட்டமாகக் கோடு போடுங்கள். முதல் கட்டத்தில் இருக்கிற கோடுகளை அடுத்த வாரம் அப்படியே விட்டுவிடலாம்.